இறந்துகொண்டிருக்கும் புழுவுக்கு மருந்து வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது; எடை 52 கிலோ. மூன்று வாரங்களுக்கு முன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், வலது கை தானாக வெட்டி இழுக்கிறது என்று கூப்பிட்டாள். நான் ஓடிப் போவதற்குள் வாயும் ஒரு பக்கம் இழுத்து, நினைவு தப்பிவிட்டது. இரண்டு மூன்று நிமிடங்களில் நின்றது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் இடது பக்கத்தில் 9 மில்லிமீட்டர் அளவில், வளையம் போல ஒரே ஒரு கட்டி. நாடாப்புழுவால் வந்த நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் என்கிறார்கள். நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பம். ஒரு மருத்துவர் பூச்சி மாத்திரை கொடுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் வலிப்பு மாத்திரை மட்டும் போதும் என்கிறார். உறவினர் ஒருவர் காசநோய்க் கட்டியாக இருக்கும் என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது? முட்டைக்கோஸால் வந்ததா? தம்பிக்கும் ஒட்டுமா?
— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு மருத்துவருக்கு வேண்டிய விவரங்கள் பெரும்பாலும் இருக்கின்றன. அவற்றை வைத்துப் பார்த்தால், இரண்டு மருத்துவர்களும் தவறாகச் சொல்லவில்லை. அவர்கள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பது புரிய வேண்டுமானால், மகளின் மூளையில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது புரிய வேண்டும். அதற்கு முன், உங்களை அதிகம் உறுத்துவது சைவக் குடும்பத்துக்கு இது எப்படி வந்தது என்ற கேள்விதான் என்று நினைக்கிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த நாடாப்புழுவின் பெயர் டீனியா சோலியம். இதன் வாழ்க்கை இரண்டு உடல்களில் நடக்கிறது. முதிர்ந்த புழு மனிதனின் சிறுகுடலில் மட்டும்தான் வாழும்; இளம்புழு பன்றியின் தசையில் வளரும். பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிடுபவரின் குடலுக்குள் அந்த இளம்புழு உயிரோடு போய்ச் சேர்கிறது. அதன் தலையில் நான்கு உறிஞ்சிகளும் ஒரு வட்டமாகக் கொக்கிகளும் உண்டு. அவற்றால் குடல் சுவரைப் பற்றிக்கொண்டு இரண்டு, மூன்று மீட்டர் நீளத்துக்கு வளர்ந்துவிடும். இப்படிப் புழுவைச் சுமப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. மலத்தோடு வெள்ளை நாடாத் துண்டுகள் போலச் சில வெளியேறும். பலர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அந்த ஒவ்வொரு துண்டிலும் பல ஆயிரம் முட்டைகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகள் மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கின்றன, நகக்கண்ணில் தங்குகின்றன. வெட்டவெளியில் கிடக்கும் மலத்தைப் பன்றி தின்றால் முட்டைகள் அதன் குடலில் பொரிந்து, இரத்தத்தில் ஏறி, தசையில் போய் நீர்ப்பைகளாக உட்கார்கின்றன. சுற்று அங்கே முழுமையாகிறது.

பன்றி விழுங்க வேண்டிய முட்டையை மனிதன் விழுங்கிவிட்டால் என்ன ஆகும்? முட்டைக்கு வித்தியாசம் தெரியாது. மனிதக் குடலிலும் பொரிந்து, இரத்தத்தில் ஏறி, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய்விடும். உங்கள் மகளுக்கு நடந்தது இதுதான். இறைச்சி சாப்பிடுபவருக்கு வருவது குடலில் நாடாப்புழு. அந்தப் புழுவின் முட்டை யார் வயிற்றுக்குள் போகிறதோ அவருக்கு வருவது மூளையில் நீர்ப்பை. மலம் கழித்துவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாத ஒருவர், தன்னிடம் புழு இருப்பதே தெரியாமல், பிசைந்த மாவில், நறுக்கிய வெள்ளரிக்காயில், ஊற்றிய சட்னியில் முட்டையை விட்டுவிடலாம். அதைச் சாப்பிடுபவர் சைவரா அசைவரா என்பதற்கு இதில் இடமே இல்லை.

இதை உலகுக்கு மிகத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் நடந்தது. மதக் கட்டுப்பாட்டினால் பன்றி இறைச்சியை வாழ்நாளில் தொட்டிராத யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பேருக்கு மூளையில் இந்த நீர்ப்பைகள் இருப்பது தெரிந்தது. தேடிப் பார்த்தபோது, இந்தப் புழு பரவலாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து புதிதாக வந்து அவர்கள் வீடுகளில் வேலை பார்த்தவர்கள் வழியாக முட்டைகள் வந்திருக்க வேண்டும் என்பது புலப்பட்டது. 1992-இல் இது மருத்துவ இதழில் வெளியானபோது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. இந்தியாவில் பணியாற்றும் எங்களுக்கு அதில் புதுமை எதுவும் இல்லை. என்னிடம் இந்த நோயோடு வருபவர்களில் சைவர்கள் ஏராளம்.

முட்டைக்கோஸைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கோஸிலும் காலிபிளவரிலும் நெளியும் அந்தப் பச்சைப் புழு மூளைக்குள் ஏறிவிடும் என்ற பேச்சு நம் ஊரில் பல ஆண்டுகளாக உலவுகிறது. அது ஒரு வண்ணத்துப்பூச்சியின் அல்லது அந்துப்பூச்சியின் புழு. நாடாப்புழுவுக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. அதை விழுங்கினாலும் மூளைக்குப் போகாது. கழிவுநீர் கலந்த தண்ணீரில் விளைந்த எந்தக் காய்கறியிலும் நாடாப்புழுவின் முட்டை ஒட்டியிருக்கலாம் என்பது மட்டும்தான் இதில் உள்ள உண்மை. அதில் கோஸுக்கும் கொத்தமல்லிக்கும் வேறுபாடு இல்லை. அடுப்பில் வெந்த பொரியலில் முட்டை பிழைக்காது. பச்சையாகச் சாப்பிடும் கேரட், வெள்ளரி, வெங்காயம், கொத்தமல்லி ஆகியவற்றை நன்றாகக் கழுவுங்கள். கோஸை வீட்டிலிருந்து விலக்க வேண்டிய தேவையே இல்லை.

இனி மகளின் கட்டிக்கு வருகிறேன்.

முட்டையிலிருந்து வந்த கரு மூளையில் தங்கி, இரண்டு மூன்று மாதங்களில் ஒரு சிறிய நீர்ப்பையாகிறது. தெளிந்த நீர் நிரம்பிய அந்தப் பைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி போலப் புழுவின் தலை தெரியும். எம்.ஆர்.ஐ. படத்தில் அது கறுப்பு வட்டத்துக்குள் ஒரு வெண்புள்ளி. இந்த நிலையில் புழு நல்ல உயிரோடு இருக்கிறது. நம் உடலின் எதிர்ப்பு அணுக்கள் தன்னைக் கண்டுகொள்ளாதபடி அடக்கிவைக்கும் திறன் அதற்கு உண்டு. அதனால் சுற்றியுள்ள மூளையில் வீக்கம் இருக்காது. நோயாளிக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஆண்டுக்கணக்கில்கூட அப்படியே இருக்கும்.

பிறகு ஒரு கட்டத்தில் புழுவுக்கு வயதாகி அதன் தடுப்பு தளர்கிறது. அப்போதுதான் உடல் அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு தாக்கத் தொடங்குகிறது. தெளிந்த நீர் கலங்கிக் கூழாகிறது, பையின் சுவர் தடிக்கிறது, சுற்றிலும் மூளை வீங்குகிறது. மருந்து ஏற்றி எடுத்த படத்தில் அது பளிச்சென்று ஒரு வளையமாகத் தெரிகிறது. உங்கள் மகளின் அறிக்கையில் இருக்கும் வளையம் அதுவே. மூளையின் இடது பக்கத்தில் வலது கையை இயக்கும் பகுதிக்கு அருகில் அந்த வீக்கம் இருந்ததால் கை முதலில் வெட்டியது. மின்கிளர்ச்சி பக்கத்துப் பகுதிக்குப் பரவி வாய் இழுத்தது; மூளை முழுவதும் பரவியபோது நினைவு தப்பியது. ஆக, வலிப்பை உண்டாக்கியது புழுவின் கடியோ நஞ்சோ இல்லை. செத்துக்கொண்டிருக்கும் புழுவின் மீது உங்கள் மகளின் உடல் நடத்தும் தாக்குதலே வலிப்பாக வெளிப்பட்டிருக்கிறது.

இந்த வளையம் சில மாதங்களில் சுருங்கிச் சிறு முண்டாகும். பிறகு பலருக்கு முற்றிலும் மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் ஒரு சுண்ணாம்புப் புள்ளியாக எஞ்சும்.

'புழு தானாகவே செத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு எதற்கு மருந்து' என்பது உங்கள் இரண்டாவது மருத்துவரின் வாதம். 'அது இன்னும் முழுதாகச் சாகவில்லை, கொஞ்சம் உதவினால் விரைவாக மறையும்' என்பது முதலாமவரின் வாதம். இந்த ஒற்றை வளையக் கட்டி இந்தியாவில்தான் மிக அதிகம். அதனால் இந்த விவாதமும் இங்கே நெடுநாள் நடந்தது. ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கட்டிகள் எல்லாவற்றையும் காசநோய் என்று எண்ணி, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்துவந்தோம். கட்டி மறைந்ததும் மருந்து வேலை செய்துவிட்டது என்று நம்பினோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களுடைய குழுவினரும் இத்தகைய கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றின் பின்னணியில் இருப்பது பெரும்பாலும் நாடாப்புழுவின் நீர்ப்பையே என்று 1991-இல் எழுதினார்கள். கட்டிகள் தாமாகவே மறைகின்றன என்பதும் அப்போதுதான் தெளிவாயிற்று. உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்து ஊரில் நடந்த வேலை அது. எத்தனையோ பிள்ளைகளைத் தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்தும் மூளை அறுவையிலிருந்தும் காப்பாற்றியிருக்கிறது.

அவர்கள் வகுத்த அளவுகோலை வைத்தே உங்கள் உறவினரின் பயத்துக்குப் பதில் சொல்லலாம். கட்டி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். 20 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வீக்கம் மூளையின் நடுக்கோட்டைத் தள்ளும் அளவுக்கு இருக்கக் கூடாது. நோயாளிக்கு வலிப்பைத் தவிர, நாளுக்கு நாள் கூடும் கை கால் பலவீனமோ மூளை அழுத்தத்தின் அறிகுறிகளோ இருக்கக் கூடாது. உடலில் வேறெங்கும் காசநோய் போன்ற நோய் இருக்கக் கூடாது. இவையெல்லாம் பொருந்தினால் அது நாடாப்புழுக் கட்டி என்று ஏற்று, சிறிது காலம் காத்திருந்து மறுபடி படம் எடுப்பதே சரி. உங்கள் மகளின் கட்டி 9 மில்லிமீட்டர், ஒன்றே ஒன்று. தொடர்ந்து காய்ச்சல், எடை குறைவு, வாரக்கணக்கில் இருமல் ஆகியவை இல்லை என்றால் காசநோய் மருந்து தொடங்க எந்தக் காரணமும் இல்லை. வீட்டில் யாருக்கேனும் அண்மையில் காசநோய் இருந்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பூச்சி மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதில் என் கருத்தைக் கேட்டால், உங்கள் மகளுக்கு ஒரு குறுகிய காலம் கொடுப்பதை நான் ஆதரிப்பேன். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதேபோன்ற ஒற்றைக் கட்டிக்கு அல்பெண்டசோல் மாத்திரையையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைக்கிறது. கட்டி சீக்கிரம் மறைய அது உதவுகிறது. அந்த உதவி ஓரளவுதான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடுக்காவிட்டாலும் இந்த வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை கரைந்தே போகும். ஆகவே இரண்டாவது மருத்துவரை அலட்சியமானவர் என்று எண்ணிவிடாதீர்கள். இது அவசரமும் இல்லை. மூன்று வாரம் கடந்துவிட்டதே என்று பதற வேண்டாம்.

கொடுப்பதென்றால் எப்படிக் கொடுக்கிறோம் என்பதையும் சொல்கிறேன். அல்பெண்டசோல் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம். 52 கிலோவுக்கு 780 வரும். அதை 800 என்று கொண்டு, காலையில் 400, இரவில் 400 என்று ஒன்று முதல் இரண்டு வாரம் கொடுப்போம். வெறும் வயிற்றில் இந்த மருந்து சரியாக உடலில் சேராது. நெய்யோ எண்ணெயோ கலந்த சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாகச் சேரும். நெய் ஊற்றிய பருப்புச் சோறு சாப்பிட்ட கையோடு எடுக்கலாம். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ஸ்டீராய்டு தொடங்கியிருக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. புழு சாகும்போதுதான் வீக்கம் கூடுகிறது என்று மேலே சொன்னேன். மருந்து அந்தச் சாவை விரைவுபடுத்துகிறது. ஸ்டீராய்டு அதனால் வரும் வீக்கத்தை அடக்குகிறது. இவை இரண்டுக்கும் முன்னால், கண் மருத்துவரிடம் காட்டி, விழித்திரையில் நீர்ப்பை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் புழு மருந்தால் செத்து வீங்கினால் பார்வையே போகலாம். மகளுக்குக் கண் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள்.

பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையும் அல்பெண்டசோல்தான். 'அதைத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிறாளே' என்று பல தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். அது 400 மில்லிகிராம், ஒரே ஒரு வேளை. குடலில் உள்ள உருண்டைப் புழுக்களுக்கும் கொக்கிப் புழுக்களுக்கும் உரிய அளவு அது. மூளைக் கட்டிக்கு அது சிகிச்சை ஆகாது. அதே மாத்திரைதானே என்று மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கி இரண்டு வாரம் கொடுத்துவிடவும் கூடாது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு நான் பார்த்த இரண்டு பேரைப் பற்றி எழுத வேண்டும்.

முதலாமவர் நாற்பதைக் கடந்த கொத்தனார். ஒரு மஞ்சள் பையைத் திறந்து என் மேசையில் கொட்டினார். எல்லாம் அல்பெண்டசோல் மாத்திரையின் காலி அட்டைகள். ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை வலிப்பு வந்ததோ அத்தனை முறை 'புழு மறுபடி வந்துவிட்டது' என்று பூச்சி மருந்து சாப்பிட்டிருக்கிறார். அவருடைய சி.டி. ஸ்கேனை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். சாம்பல் நிற மூளைக்குள் எள்ளளவுக்கு ஒரு வெண்புள்ளி, மண்டையோட்டு எலும்பின் அதே வெண்மையில் மின்னியது. சுற்றிலும் வீக்கம் இல்லை. அது பல ஆண்டுகளுக்கு முன்பே செத்துச் சுண்ணாம்பாகிப்போன புழுவின் தழும்பு. அதைக் கொல்ல இனி உயிர் எதுவும் அங்கே இல்லை. ஆனால் அந்தத் தழும்பு தன்னைச் சுற்றியுள்ள மூளைத் திசுவை அவ்வப்போது உறுத்தி வலிப்பை உண்டாக்கும். அவருக்குத் தேவையாக இருந்தது வலிப்பு மாத்திரை ஒன்றுதான். விசாரித்தபோது, ஒவ்வொரு முறையும் ஆறேழு மாதம் வலிப்பு வராமல் இருந்ததும் 'புழு போய்விட்டது' என்று அந்த மாத்திரையைத் தானே நிறுத்தியிருக்கிறார். நிறுத்திய சில வாரங்களில் வலிப்பு திரும்பியிருக்கிறது. பூச்சி மருந்தை நிறுத்திவிட்டு வலிப்பு மாத்திரையை ஒரு வேளையும் தவறாமல் தொடரச் செய்தோம். இரண்டு ஆண்டுகளாக வலிப்பு இல்லை.

இரண்டாமவர் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பெண். தலைவலியும் ஒருமுறை வலிப்பும் வந்திருக்கின்றன. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே, யாரோ சொன்னார்கள் என்று வீட்டிலேயே அல்பெண்டசோல் தொடங்கிவிட்டார்கள், ஸ்டீராய்டு இல்லை. மூன்றாம் நாள் விடாத வாந்தி. நான்காம் நாள் எழுப்பினால் கண் திறக்காத மயக்கம். படத்தில் நட்சத்திரம் இறைத்தாற்போல மூளையெங்கும் நீர்ப்பைகள், எண்ண முடியவில்லை. அத்தனையும் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டதில் மூளை முழுவதும் வீங்கியிருந்தது. பூச்சி மருந்தை உடனே நிறுத்தி, அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து மீட்டோம். வலது கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் கண்ணிலும் ஒரு நீர்ப்பை இருந்திருக்கிறது. மருந்து தொடங்கும் முன் யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

மருந்து உண்மையிலேயே கட்டாயமாகும் நோயாளிகளும் இருக்கிறார்கள். தெளிந்த நீரும் வெண்புள்ளியுமாக, உயிருள்ள நீர்ப்பைகள் மூளைத் திசுவில் சில இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். இரண்டுக்கு மேல் இருந்தால் அல்பெண்டசோலோடு பிராசிகுவான்டெல் என்ற இன்னொரு மருந்தையும் சேர்ப்போம். பெரு நாட்டின் லிமாவில் உயிருள்ள நீர்ப்பை உள்ளவர்களிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டோடு அல்பெண்டசோல் பெற்றவர்களுக்கு உடல் முழுவதும் இழுக்கும் வலிப்பு பின்னாளில் வெகுவாகக் குறைந்தது. மூளையின் வெளிப்பரப்பில், திராட்சைக் குலை போலப் பெருகும் வகைக்கு இரண்டு வாரம் போதாது. மாதக்கணக்கில் மருந்து தேவைப்படும். மூளைக்குள் ஓடும் நீரின் பாதை அடைபட்டு அழுத்தம் ஏறியிருந்தால் முதலில் அந்த அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பூச்சி மருந்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். உங்கள் மகளுக்கு இவை எதுவும் இல்லை என்றுதான் அறிக்கை சொல்கிறது.

இப்போதைக்கு மகளுக்கு முக்கியமான மருந்து வலிப்பு மாத்திரையே. அடுத்த வலிப்பு வராமல் பார்த்துக்கொள்வது அதுதான். எந்த மாத்திரை எழுதியிருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஃபெனிடாயின் அல்லது கார்பமசிபின் என்றால் அது அல்பெண்டசோலின் அளவை உடலில் குறைத்துவிடும். லெவெடிராசிடம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. பூச்சி மருந்து தொடங்கும் முன் இதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். கட்டி முற்றிலும் மறைந்து, இடையில் வலிப்பும் வராமல் இருந்தால் மாத்திரையைச் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. வளையம் இன்னும் தெரிந்தால் மாத்திரை தொடரும். ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒரு படம். சுண்ணாம்புப் புள்ளி எஞ்சியிருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டாவது வலிப்பு இல்லாமல் கடந்த பிறகே நிறுத்துவதைப் பற்றி யோசிப்போம். சுண்ணாம்பு எஞ்சியிருக்கிறதா என்பது எம்.ஆர்.ஐ.யைவிடச் சாதாரண சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். அதனால் இரண்டாவது முறை அதையும் எடுக்கச் சொன்னால் செலவுக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவரை கிணற்றில், குளத்தில் இறங்கக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. பரீட்சை என்று இரவெல்லாம் விழித்திருக்கக் கூடாது. தூக்கம் கெட்டால் மாத்திரை சாப்பிட்டாலும் வலிப்பு வரலாம்.

தம்பிக்கு அக்காவிடமிருந்து ஒட்டாது. மூளையில் இருக்கும் நீர்ப்பை முட்டையிடாது. அது ஒரு முட்டுச்சந்து. முட்டையிடும் புழு குடலில்தான் வாழும். உங்கள் மகள் பன்றி இறைச்சி சாப்பிட்டதில்லை என்பதால் அவள் குடலில் அந்தப் புழு இருக்க வழியில்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம்.

ஆனால் எங்கோ ஒருவரின் குடலில் இருந்த புழுவிலிருந்துதான் அந்த முட்டை வந்தது. அது எந்த ஊர்க் கடையோ, எந்தத் திருமணப் பந்தியோ, பல மாதம், ஏன் பல ஆண்டுகூட ஆகியிருக்கலாம். கண்டுபிடிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். வீட்டில் சமையலுக்கு உதவ யாரேனும் வருகிறார்கள் என்றால், அல்லது விடுதியில் தங்கிப் படிக்கிறாள் என்றால், உணவு தயாரிப்பவர்களின் மலத்தைப் பரிசோதிப்பது பயனுள்ளது. முட்டை தினமும் வெளியேறாது என்பதால், வெவ்வேறு நாட்களில் மூன்று முறை பார்க்க வேண்டும். யாருக்காவது இருப்பது தெரிந்தால் தயவுசெய்து அவரை வேலையைவிட்டு அனுப்பிவிடாதீர்கள். அவருக்கே தெரியாத ஒன்று அது. அவருடைய மூளையும் உங்கள் மகளைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது, ஏனென்றால் முட்டைக்கு மிக அருகில் இருப்பது அவருடைய கையும் வாயும்தான். அரசு மருத்துவமனைக்கு அவரை அழைத்துப்போங்கள். அவருக்கு எப்போதாவது வலிப்போ நீண்ட நாள் தலைவலியோ இருந்ததா என்று முதலில் கேட்பார்கள். குடற்புழுவுக்கு நிக்லோசமைட் ஒரே வேளை, பெரியவர்களுக்கு 2 கிராம். அது குடலைவிட்டு உடலுக்குள் போகாத மருந்து. அதனால் அவருக்குத் தெரியாமல் மூளையில் நீர்ப்பை ஏதும் இருந்தாலும் அதைக் கிளறிவிடாது.